பக்கத்தில் பதினோராயிரம் பேர், கையில் ஒரு முகவரியும் இல்லை

என் அண்ணி தர்மபுரத்தில் ஒடியல் மா, குரக்கன் மா, மொட்டைக்கறுப்பன் அரிசி மா, வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் வீட்டிலேயே செய்து விற்கிறார். ஐந்து வருடமாக ஒரேயொரு சமூக ஊடகப் பக்கத்தை வைத்துத்தான் முழு வியாபாரமும் நடந்தது. பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் பதினோராயிரம் பேருக்கு மேல். ஒரு தைப்பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, புது அரிசி இடித்து வறுத்து வைத்திருந்த நேரத்தில், அந்தப் பக்கம் திடீரென்று முடங்கிப்போனது. விதியை மீறிவிட்டீர்கள் என்று ஒரு வரி வந்தது, எந்த விதி என்று எழுதவில்லை. படிவம் நிரப்பினோம், அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினோம், பத்தொன்பது நாள் கழித்து ஒரு விளக்கமும் இல்லாமல் பக்கம் திரும்பி வந்தது. எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமில்லை, எந்தத் தளத்திலும் நடக்கக்கூடியதுதான்.

அந்தப் பத்தொன்பது நாளில் அண்ணியின் கையில் மிஞ்சியது எண்பது பக்கக் கொப்பி ஒன்று. அதில் கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு ஆட்களின் போன் நம்பர்கள் இருந்தன, பார்சல் அனுப்ப நம்பர் வேண்டும் என்பதால் எழுதி வைத்திருந்தார். ஆனால் வியாபாரத்தில் அரைவாசி வெளிநாட்டில் இருக்கிறவர்களால் வருவது. இங்கே இருக்கிற தாய்க்கு அனுப்பச் சொல்லி ரொறன்ரோவிலிருந்து ஓடர் தருகிறவர்கள், ஆடி ஆவணி விடுமுறைக்கு வரும்போது பத்துக் கிலோ எடுத்து வையுங்கள் என்று லண்டனிலிருந்து முன்கூட்டியே சொல்கிறவர்கள். இவர்கள் எல்லாரும் பேசியது பக்கத்தின் இன்பொக்ஸில். இன்பொக்ஸ் பூட்டிய பக்கத்துக்குள்ளே கிடந்தது. பலருடைய உண்மையான பெயர்கூட எங்களுக்குத் தெரியாது, "வன்னி மைந்தன்" என்று பெயர் வைத்திருப்பவரை எங்கே போய்த் தேடுவது?

பக்கம் திரும்பி வந்த பிறகு அண்ணி கேட்டார், "தம்பி, இனி இப்படி நடந்தால் இந்த ஆக்களைப் பிடிக்கிறதுக்கு என்ன வழி?" அதற்கு மூன்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இதே நிலையில் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால், நாங்கள் பார்த்ததையும் கடைசியில் எடுத்த முடிவையும் எழுதுகிறேன். மூன்று வழிகளிலும் நாங்கள் கேட்டுப் பார்த்த கேள்விகள் இரண்டுதான். ஆட்களின் பட்டியலை ஒரு கோப்பாகத் தரவிறக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா? ஆட்கள் தேடி வரும் முகவரி யாருடைய பெயரில் இருக்கிறது?

முதல் வழி வட்ஸ்அப். யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் எல்லாருடைய போனிலும் இருக்கிறது. ஆனால் வட்ஸ்அப் என்பது ஒரு பொருள் இல்லை, உள்ளே மூன்று வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன, மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் குழப்பம்தான். குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் ஒருவருடைய நம்பர் மற்றவருக்குத் தெரியும், அதில் ஒரு பெண்ணின் நம்பரை எடுத்து இரவில் கோல் எடுக்கிற ஆள் ஒருவர் வந்தால் போதும், நாலு நல்ல வாடிக்கையாளர் பேசாமல் விலகிப் போய்விடுவார்கள். புரோட்காஸ்ட் பட்டியலில் அந்தப் பிரச்சினை இல்லை, தனித்தனியாகத்தான் போகும். ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். மா வாங்கிய எத்தனை பேர் அண்ணியின் நம்பரை "ஒடியல் மா அக்கா" என்று சேமித்திருப்பார்கள்? மூன்றாவது சனல். 2023இல் வந்தது. எத்தனை ஆயிரம் பேரும் சேரலாம், ஆனால் சேர்ந்தவர்களின் நம்பர் உங்களுக்குக் காட்டப்படாது. அப்படியென்றால் அது பழைய பக்கத்தின் இன்னொரு வடிவம்தான், பட்டியல் உங்கள் கையில் இல்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி முகநூல், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக விழுந்து ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் வேலை செய்யவில்லை. மூன்றும் ஒரே கம்பனி. முகநூலில் மட்டும் தங்கியிருக்கக் கூடாது என்று வட்ஸ்அப்புக்குப் போவது, ஒரே வீட்டின் முன்கதவை விட்டுப் பின்கதவுக்குப் போவது போலத்தான். இலங்கையில் அரசாங்கமே இவற்றை நிறுத்திய நாட்களும் உண்டு: 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டங்களின்போது. மூன்று தடவையும் முகநூலும் வட்ஸ்அப்பும் சேர்ந்தே நின்றன. மின்னஞ்சலை நிறுத்தவில்லை.

ஆனாலும் வட்ஸ்அப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உண்மை என்னவென்றால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கிற வாடிக்கையாளர் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. புதுப் போன் வாங்கியபோது கடைக்காரப் பெடியன் ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்திருப்பான், அதன் கடவுச்சொல் அந்தப் பெடியனுக்குத்தான் தெரியும். இவர்களுக்கு வட்ஸ்அப்தான் சரி, அதிலும் போன் நம்பர்தான் சொத்து. நம்பர் உங்கள் கொப்பியில் இருந்தால் வட்ஸ்அப் நின்றாலும் எஸ்எம்எஸ் போகும், கோல் எடுக்கலாம். அதனால் உள்ளூர் ஆட்களுக்கு நாங்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, கொப்பியில் இருந்த 340 நம்பர்களையும் போனில் ஏற்றி ஜிமெயில் கணக்கோடு இணைத்து வைத்தோம், அவ்வளவுதான். வேலை இருந்தது வெளிநாட்டு ஆட்கள் விஷயத்தில். அவர்கள் வேலைக்கும் வங்கிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் என்று ஒவ்வொரு நாளும் மின்னஞ்சல் திறக்கிறவர்கள்.

இரண்டாவது வழி, சப்ஸ்டாக் மாதிரியான செய்திமடல் தளம், நீங்கள் எழுதும் கடிதத்தைச் சேர்ந்தவர்களின் மின்னஞ்சலுக்கு அனுப்பித் தருவது. பத்து நிமிடத்தில் திறந்துவிடலாம். தமிழ் ஒழுங்காகத் தெரியும், இலவசக் கடிதம் அனுப்பக் காசு கேட்பதில்லை, எத்தனை பேர் இருந்தாலும் சரி. முக்கியமாக, சேர்ந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை ஒரு சிஎஸ்வி கோப்பாகத் தரவிறக்கலாம். முதல் கேள்விக்கு ஆம் என்ற பதில் கிடைக்கிறது, இது பெரிய விஷயம். கதை எழுதுகிறவர், ஊர் வரலாறு எழுதுகிறவர், ஆசிரியர் ஒருவர் பாடக் குறிப்பு எழுதுகிறார் என்றால் இதுவே போதும், இதற்கு மேல் யோசிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அங்கே "சந்தாதாரர்" வேறு, "பின்தொடர்பவர்" வேறு. செயலிக்குள்ளே உங்களைப் பின்தொடர மட்டும் செய்கிறவருடைய மின்னஞ்சல் உங்கள் பட்டியலில் வராது. எண்ணிக்கை கூடுகிறது என்று சந்தோஷப்படும்போது எந்த எண்ணிக்கை கூடுகிறது என்று பார்க்க வேண்டும். மற்றது, கட்டணச் சந்தா வாங்கலாம் என்ற கனவோடு போனால், அந்தக் காசு ஸ்ட்ரைப் என்ற சேவை வழியாகத்தான் வரும், ஸ்ட்ரைப் இலங்கையில் இருப்பவருக்குக் கணக்குத் தருவதில்லை. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் பெயரில் திறந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அப்போது உங்கள் வியாபாரத்தின் சாவி இன்னொருவரின் வரிக் கணக்கில் தொங்கும். அண்ணிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவர் விற்பது மா. அவருக்கு இந்த வழி பொருந்தாமல் போன காரணம் வேறு. விலைப்பட்டியல், எந்த மா இப்போது இருக்கிறது, அனுப்பும் செலவு என்று நிலையாக ஒரு இடத்தில் கிடக்க வேண்டிய தகவல் அவரிடம் இருக்கிறது, இந்தத் தளங்கள் அன்றன்றைய கடிதத்துக்காகச் செய்யப்பட்டவை. அத்தோடு முகவரியும் கடிதம் போகும் பெயரும் அந்தத் தளத்தின் பெயரில்தான் இருக்கும். சொந்த டொமைனை, அதாவது காசு கட்டி உங்கள் பெயரில் பதிவு செய்யும் இணைய முகவரியை, இணைக்க 50 டொலர் ஒரு தடவைக் கட்டணம் கேட்கிறார்கள்.

ஜிமெயிலிலிருந்தே எல்லாரையும் பிசிசியில் போட்டு அனுப்பினால் என்ன என்று தம்பி ஒருவன் கேட்டான். ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான் அனுப்பலாம், விலகுவதற்கு இணைப்பு இல்லை, ஒரு நாள் கை தவறி பிசிசிக்குப் பதிலாக மேலே உள்ள பெட்டியில் முகவரிகளைப் போட்டால் எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் போய்விடும். இதை அங்கேயே விட்டோம்.

மூன்றாவது வழி, சொந்த டொமைன், அதில் ஒரு சின்ன இணையத்தளம், கடிதம் அனுப்ப ஒரு மின்னஞ்சல் சேவை. நாங்கள் எடுத்தது இதைத்தான். செலவைச் சொல்கிறேன்: ஒரு டொட் கொம் டொமைன் வருடத்துக்கு 12 முதல் 15 டொலர் வரை. இணையத்தளத்துக்குக் காசு கொடுக்கவில்லை, கூகுள் தருகிற பழைய புளொகர்தான், அதில் சொந்த டொமைனை இலவசமாக இணைக்கலாம். கடிதம் அனுப்பும் சேவையும் இப்போதைக்கு இலவசம். அண்ணி பதிவுகளை பூஸ்ட் செய்ய மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபா கட்டிக்கொண்டிருந்தார், அதில் இரண்டு மாதக் காசில் ஒரு வருட டொமைன் செலவு முடிந்துவிடும்.

பெரிய இணையத்தளம் செய்ய வேண்டும் என்ற ஆசை வரும். வேர்ட்பிரஸ் போட்டு, ஹோஸ்டிங் வாங்கி, கடை மாதிரிக் கூடை வைத்து, கார்ட் வழியாகக் காசு வாங்கி என்று. அது தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் யாரும் அப்டேட் செய்யாத வேர்ட்பிரஸ் தளத்துக்குள் யாரோ புகுந்து சூதாட்ட விளம்பரம் போட்டிருப்பார்கள், கூகுளில் உங்கள் பெயரைத் தேடுகிறவருக்கு அதுதான் தெரியும். அண்ணியின் தளத்தில் இருப்பது மொத்தம் மூன்று பக்கம்: விலை, எப்படி ஓடர் தருவது, கடிதத்தில் சேர ஒரு பெட்டி. டொமைன் நம்முடையதாக இருக்கும் வரைக்கும் பின்னால் இருக்கிற புளொகரை நாளைக்கு மாற்றினாலும் ஆட்களுக்கு அதே முகவரிதான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கிற பிழை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டவுனில் கொம்பியூட்டர் தெரிந்த ஒரு பெடியன் எல்லாம் செய்து தருவான், நல்ல மனதோடுதான் செய்வான், டொமைனைத் தன்னுடைய மின்னஞ்சலில் தன்னுடைய கார்ட்டால் பதிவு செய்துவிடுவான். இரண்டு வருடம் கழித்து அவன் கனடாவுக்குப் போயிருப்பான், நம்பர் மாறியிருக்கும், புதுப்பிக்கச் சொல்லி வரும் எச்சரிக்கை அவன் பார்க்காத ஒரு பெட்டிக்குப் போயிருக்கும். டொமைன் காலாவதியானால் தளம் மட்டும் போகாது, அந்தப் பெயரில் வரும் மின்னஞ்சலும் சேர்ந்து போகும், கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் அந்தப் பெயரை வாங்கவும் முடியும். யார் செய்து தந்தாலும் சரி, டொமைன் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்கிறதா என்று உங்கள் போனிலேயே உள்ளே போய்ப் பாருங்கள். நாங்கள் இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினோம், அண்ணியின் டெபிட் கார்ட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிடும்படி வங்கியில் சொல்லிய பிறகு.

அடுத்தது கடிதம் போய்ச் சேருவது. நாங்கள் அதிக நேரம் தடுமாறியது இதில்தான். முதலில் சேவையில் அனுப்புபவர் முகவரி என்ற இடத்தில் அண்ணியின் ஜிமெயில் முகவரியைப் போட்டோம். சோதனைக்கு எனக்கு அனுப்பியது ஸ்பாமில் கிடந்தது. காரணம் எளிது. ஜிமெயில் பெயரைச் சொல்லிக்கொண்டு கூகுளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சேர்வரிலிருந்து கடிதம் வருகிறது, பெறுகிற பக்கத்துக்கு அது போலிக் கடிதம் மாதிரித்தான் தெரியும். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் இன்னும் கடுமையாகிவிட்டார்கள். அதனால்தான் டொமைன் வெறும் அழகுக்கு இல்லை, அது இல்லாமல் கடிதமே ஒழுங்காகப் போகாது.

டொமைன் கணக்கில் டிஎன்எஸ் என்ற பகுதியில் மூன்று பதிவுகள் போட வேண்டும். எஸ்பிஎஃப், இந்தச் சேவைக்கு என் பெயரில் அனுப்ப அனுமதி உண்டு என்று சொல்கிறது. டிகேஐஎம், கடிதத்தில் ஒரு முத்திரை குத்துகிறது. டிமார்க், இந்த இரண்டும் பிழைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெறுகிறவருக்குச் சொல்கிறது. முதல் இரண்டுக்கும் என்ன எழுத வேண்டும் என்று சேவையே தரும், அப்படியே பிரதி எடுத்து ஒட்டினால் போதும். மூன்றாவது தொடக்கத்துக்கு இவ்வளவுதான்:

```
_dmarc   TXT   v=DMARC1; p=none
```

இதில் நாங்கள் விட்ட பிழை, ஏற்கெனவே ஒரு எஸ்பிஎஃப் பதிவு இருந்ததைப் பார்க்காமல் இரண்டாவதாக இன்னொன்று போட்டது. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும். சரியாகிவிட்டதா என்று பார்க்க உங்களுடைய ஜிமெயிலுக்கே ஒரு கடிதம் அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி `Show original` என்பதைப் பாருங்கள். `SPF`, `DKIM`, `DMARC` மூன்றுக்கும் நேரே `PASS` என்று இருக்க வேண்டும். ஒன்றில் `FAIL` இருந்தாலும் நானூறு பேருக்கு அனுப்பும் பொத்தானைத் தொடாதீர்கள்.

ஆட்களைச் சேர்த்த கதை எதிர்பார்த்த மாதிரி நடக்கவில்லை. பதினோராயிரம் பேர் இருக்கிற பக்கத்தில் மேலே குத்தி வைத்த பதிவு வழியாக ஒரு மாதத்தில் 63 பேர் சேர்ந்தார்கள். அண்ணிக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் பார்சலுக்குள் போட்ட சின்னத் துண்டு வேறு மாதிரி வேலை செய்தது. துண்டில் ஒரு கியூஆர் குறியீடு, அதன் கீழே "அடுத்த புது மா எப்போது வரும் என்று உங்களுக்கு முதலில் சொல்கிறோம்" என்று ஒரு வரி. இங்கே இருக்கிற தாய்மார் அந்தத் துண்டைப் படமெடுத்து பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்து சேர்ந்தார்கள். இன்பொக்ஸில் ஓடர் கேட்கிறவர்களிடமும் அண்ணி இப்போது ஒரு வரி சேர்த்துக் கேட்கிறார், "ஓடர் விபரம் அனுப்ப மின்னஞ்சல் ஒன்று தருவீர்களா, மாதம் ஒரு கடிதமும் போடட்டுமா?" என்று. ஏழு மாதத்தில் 412 முகவரி. பதினோராயிரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும், ஆனால் அந்தப் பதினோராயிரத்தில் ஒரு பதிவைப் பார்க்கிறவர்கள் முந்நூறு நானூறு பேர்தான், அதிலும் யாருக்குக் காட்டுவது என்று முடிவெடுப்பது நாங்கள் இல்லை. இந்த 412 பேரும் மா வாங்கியவர்கள் அல்லது வாங்க நினைத்துத் தாங்களே முகவரி தந்தவர்கள்.

அந்தச் சொல்லைக் கவனியுங்கள்: தாங்களே தந்தவர்கள். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு வந்தவர்களிடம் ஒரு சின்னக் கடை போட்டு, கொப்பியில் மின்னஞ்சல் எழுதித் தரச் சொல்லி 58 முகவரி வாங்கினோம். ஏற்றி அனுப்பினால் 17 திரும்பி வந்தது. எழுத்து விளங்காதது, `gmail.con` என்று எழுதியது, எப்போதோ மூடிய கணக்கு. இவ்வளவு திரும்பினால் சேவைகள் கணக்கை நிறுத்தி வைத்து இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும், கேட்டது நியாயமும்தான். அதற்குப் பிறகு இரட்டை உறுதிப்படுத்தலைப் போட்டுவிட்டோம், அதாவது சேர்ந்தவருக்கு ஒரு கடிதம் போகும், அதில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் பட்டியலில் வருவார். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் அழுத்த மறந்துவிடுவார்கள், போகட்டும். கனடாவில் வணிகக் கடிதத்துக்குச் சம்மதம் வேண்டும் என்று 2014இலிருந்து சட்டமே இருக்கிறது, எங்கள் ஆட்களில் பெரும்பங்கு அங்கேதான். யாரோ விற்கிற மின்னஞ்சல் பட்டியலை வாங்கிவிடாதீர்கள், அது எல்லா வழியிலும் நட்டம். கடிதத்தின் அடியில் ஒரு தபால் முகவரி போடச் சொல்லியும் சேவை கேட்கும். அண்ணி வீட்டு முகவரியைப் போட விரும்பவில்லை, மா கொடுக்கிற கடையின் முகவரியைக் கேட்டுப் போட்டோம்.

தமிழில் அனுப்பும்போது வரும் சிக்கல்கள் தனி. அண்ணியின் மகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவள், கடிதத்தை வேர்டில் பாமினியில் அடித்து அப்படியே ஒட்டினாள். அவளுடைய கணினியில் "அம்மா" என்று அழகாகத் தெரிந்தது ரொறன்ரோவில் `mk;kh` என்று போய் விழுந்தது. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும், மாற்றிய பிறகு போனில் ஒரு தடவை திறந்து பார்க்கவும் வேண்டும். இன்னொன்று, ஒரு கடிதத்தின் அளவு 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டி மறைத்துவிடும். யூனிகோடில் "க" என்பதற்கு 3 பைட், "கி" என்பதற்கு 6 பைட் போகும் என்பதால் தமிழ் ஆங்கிலத்தைவிட இடம் பிடிக்கும், ஆனால் வெறும் எழுத்தால் அந்த அளவை எட்டுவது கடினம். எட்ட வைப்பது வேர்டிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத அலங்காரக் குறிகள். வெட்டப்படும் பகுதியில்தான் விலகும் இணைப்பு இருக்கிறது, அது தெரியாவிட்டால் ஆட்கள் விலகாமல் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார்கள், அது மற்ற எல்லாருக்கும் போகும் கடிதத்தைக் கெடுக்கும். ஒட்டும்போது அலங்காரம் இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டுங்கள்.

இலவசச் சேவைகளைப் பற்றி ஒரு விஷயம். மெயில்சிம்ப் இலவசமாக 2000 பேர் வரை விட்டது, 2023இல் அதை 500 ஆகக் குறைத்தது. பிரெவோவின் இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 300 கடிதம் என்று எல்லை. நாங்கள் சனிக்கிழமை பாதிப் பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை மீதிப் பேருக்கும் அனுப்புகிறோம். ஆக இங்கேயும் ஒரு கம்பனியை நம்பித்தான் இருக்கிறோம், அதை மறைக்கத் தேவையில்லை. வித்தியாசம் என்னவென்றால் நாளைக்கு இந்தச் சேவை கதவைச் சாத்தினால் சிஎஸ்வி கோப்பை வேறொரு சேவையில் ஏற்றி, டிஎன்எஸ் பதிவை மாற்றி, அடுத்த கிழமையே அதே பெயரிலிருந்து அதே ஆட்களுக்குக் கடிதம் போடலாம். பக்கம் முடங்கியபோது அது முடியவில்லை. ஆனால் கோப்பை நீங்கள் எடுத்து வைத்திருந்தால்தான் இது உண்மை. அண்ணி ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அதைத் தரவிறக்கி ஒரு பென் டிரைவில் போடுகிறார், விலகியவர்களின் பட்டியலையும் சேர்த்து, ஏனென்றால் புது இடத்தில் ஏற்றும்போது விலகியவர்களுக்குத் திரும்பக் கடிதம் போனால் கோபம் வரும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை காட்டும் எண்ணை நாங்கள் இப்போது பார்ப்பதில்லை. 2021இலிருந்து ஐபோனின் அஞ்சல் செயலி, ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது, அது திறந்த மாதிரிக் கணக்கில் வரும், வெளிநாட்டில் நம் ஆட்கள் கையில் இருப்பது அநேகமாக ஐபோன். பதிலும் ஓடரும்தான் எங்கள் கணக்கு. ஆனி மாதக் கடிதத்தில் ஒடியல் வெயிலில் காய்கிற ஒரு படமும் நாலு பந்தியும் போட்டு, "விடுமுறைக்கு வருகிறீர்களா, எத்தனை கிலோ எடுத்து வைக்க?" என்று கேட்டிருந்தார். 29 பேர் பதில் எழுதினார்கள், அதில் 21 ஓடர். அதே வாரம் பக்கத்தில் அதே படத்துக்கு விருப்பம் போட்டவர்கள் 240 பேர், ஓடர் 6.

பக்கத்தை மூடவில்லை. புது ஆட்கள் அண்ணியைக் காண்பது இன்னும் அங்கேதான், மின்னஞ்சலால் தெரியாத ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது. பூஸ்ட் காசை மட்டும் மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிட்டோம், அதுவும் மாவின் படத்துக்குப் பதிலாக, கடிதத்தில் சேரும் பக்கத்துக்கு ஆட்களைக் கொண்டுவரும் பதிவுக்குப் போகிறது. நீங்கள் முழுக்க உள்ளூரில், பரந்தன் சந்திக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் மட்டும் விற்கிறவர் என்றால் இவ்வளவு பாடுபட வேண்டாம், போன் நம்பரும் வட்ஸ்அப்பும் போதும். வாங்குகிறவர்களில் கால்வாசிக்கு மேல் வெளிநாடு என்றால் டொமைனை இந்த மாதமே வாங்குங்கள், தளம் பிறகு வரட்டும்.

அண்ணியின் பழைய கொப்பி நிரம்பிவிட்டது. புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் டொமைன் எங்கே வாங்கியது, எந்த மின்னஞ்சலில், புதுப்பிக்க வேண்டிய திகதி என்ன என்று மூன்று வரி எழுதி, அதன் கீழே மகளின் போன் நம்பரையும் எழுதி வைத்திருக்கிறார்.